செயின் எவ்வளவு தொங்கலாம்?

பைக்கில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி முறுக்கினால், பின்பக்கம் ‘டக்’ என்று ஓர் உதறல். வேகத்தடையில் ஏறி இறங்கினால் செயின் கவருக்குள் கலகலவென்று சத்தம். இன்ஜினில்தான் ஏதோ கோளாறு என்று பலரும் பயந்துவிடுகிறார்கள். பல நேரங்களில் காரணம் செயின் தளர்ந்திருப்பதுதான். அதைச் சத்தத்தை வைத்து ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு விரலும் ஒரு ஸ்கேலும் இருந்தால் வீட்டு வாசலிலேயே அளந்துவிடலாம். (கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் பொதுவாக உள்ளே பெல்ட்தான் ஓடுகிறது. அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். யாரும் மேலே உட்காரக் கூடாது. முன்பல் சக்கரத்துக்கும் பின்பல் சக்கரத்துக்கும் நடுவே, செயினின் கீழ்ப்பகுதியை விரலால் மேலே தள்ளுங்கள். பிறகு கீழே இழுங்கள். மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் உள்ள மொத்தத் தூரம்தான் செயினின் தளர்வு. முழுக்க மூடிய செயின் கவர் உள்ள வண்டிகளில் இதற்காகவே ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் செயின் தெரியும். 100 முதல் 125 சிசி வரையுள்ள பைக்குகள் பலவற்றுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் தளர்வு சரியானது. உங்கள் வண்டிக்கான அளவும், எந்த ஸ்டாண்டில் நிறுத்தி அளக்க வேண்டும் என்பதும் வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும். அதுவே இறுதி.

ஓரிடத்தில் மட்டும் அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். பின்சக்கரத்தைக் கையால் கால் சுற்று, கால் சுற்றாக நகர்த்தி நான்கைந்து இடங்களில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்கள்தான் பிறகு என்ன செய்வது என்று சொல்லும்.

செயின் ‘நீண்டுவிட்டது’ என்று சொல்கிறோம். உண்மையில் இரும்புத் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளை இணைக்கும் பின்களும் அவற்றைச் சுற்றியுள்ள புஷ்களும் உராய்ந்து தேய்கின்றன. சிறிய பைக்குகளின் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே பெரும்பாலும் 12.7 மில்லிமீட்டர், ஒரு செயினில் சுமார் 110 கண்ணிகள். ஒவ்வொரு இணைப்பிலும் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தாலே மொத்தச் செயினும் 11 மில்லிமீட்டர் கூடிவிடும். புழுதியும் மழைநீரும் எண்ணெய் இல்லாமையும் இந்தத் தேய்மானத்தை விரைவாக்கும்.

தொங்குகிறதே என்று செயினை விறைப்பாக இழுத்துக் கட்டுவது அதைவிடக் கெடுதல். பள்ளத்தில் விழும்போதோ பின்னால் ஆள் ஏறும்போதோ சக்கரம் மேலெழும். அப்போது முன்பல் சக்கரத்துக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதலுக்கு இடம் கொடுக்கத்தான் தளர்வு. அது இல்லாவிட்டால் முன்பல் சக்கரத்தைத் தாங்கும் பேரிங்கில் சுமை ஏறும், செயினும் சீக்கிரம் தேயும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது சுத்தமும் எண்ணெயும். பழைய பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தொட்டுக் கண்ணிகளுக்கு இடையே இருக்கும் அழுக்கைத் தேய்த்தெடுத்து, துணியால் நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். பிறகு 90 கிரேடு கியர் ஆயிலையோ செயின் ஸ்பிரேயையோ கீழ்ச்செயினின் உள்பக்கத்தில், சக்கரத்தை மெல்லச் சுற்றியபடி விடுங்கள். வண்டி ஓடும்போது எண்ணெய் உள்ளிருந்து வெளியே பரவும். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். மிஞ்சிய எண்ணெய் புழுதியைத்தான் பிடித்துவைக்கும். கிரீஸ் பூசினாலும் அதே கதை. பழைய இன்ஜின் ஆயிலில் உலோகத் துகள் கலந்திருக்கும், வேண்டாம். கண்ணிகளுக்கு நடுவே சின்ன ரப்பர் வளையங்கள் உள்ள செயின் என்றால் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ஆகாது. அந்த வளையங்கள் கெட்டுவிடும்.

ஒன்றை மறக்கவே கூடாது. இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினைத் துணியால் துடைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. துணியைச் செயின் இழுத்தால் விரலும் கூடவே போகும். சக்கரத்தைச் சுற்றுவது எப்போதும் கையால்தான்.

சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழையில் நனைந்த பிறகும் இதைச் செய்தால் போதும். அதன் பிறகும் தளர்வு அளவை மீறியிருந்தால், குறித்துவைத்த எண்களைப் பாருங்கள்.

ஒரு 125 சிசி பைக்கில் நான்கு இடங்களில் 40, 42, 41, 40 மில்லிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். செயின் ஒரே சீராகத் தளர்ந்திருக்கிறது. மெக்கானிக்கிடம் போய், பின் அச்சு நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்டரைத் திருகி இறுக்கினால் சரியாகிவிடும். இன்னொரு பைக்கில் 45, 40, 24, 38 வருகிறது. சராசரியாகப் பார்த்தால் இது முதல் வண்டியைவிடப் பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் 45 உள்ள இடத்தை 25-க்குக் கொண்டுவந்தால், 24 இருந்த இடம் கம்பிபோல விறைத்துவிடும். துருப்பிடித்த கண்ணிகள் இறுகியிருந்தாலும் இப்படி ஆகலாம் என்பதால், முதலில் சுத்தம் செய்து எண்ணெய் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் வித்தியாசம் குறையாவிட்டால் செயின் சீரில்லாமல் தேய்ந்துவிட்டது என்று பொருள். இறுக்குவதால் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

மாற்றும் நேரத்தைக் காட்ட வேறு அறிகுறிகளும் உண்டு. பின்பல் சக்கரத்தின் கடைசி விளிம்பில் செயினைப் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரியும் அளவுக்கு விலகி வந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பற்கள் கொக்கிபோல ஒரு பக்கம் வளைந்திருந்தாலும், அட்ஜஸ்டர் குறியின் எல்லையைத் தொட்டுவிட்டாலும் அப்படியே. அப்போது செயினோடு முன், பின் பல் சக்கரங்களையும் சேர்த்துச் செட்டாக மாற்றச் சொல்லுங்கள். தேய்ந்த பற்களில் புதுச் செயினை மாட்டினால் அதுவும் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

செயின் ஒருமுறை பல்லிலிருந்து கழன்றிருந்தாலோ, கண்ணியில் விரிசலோ லாக் கிளிப் காணாமலோ இருந்தாலோ வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஓடும்போது கழன்ற செயின் பின்சக்கரத்தைப் பூட்டிவிடலாம், இன்ஜின் கேஸை உடைத்துவிடலாம். மெக்கானிக்கை வரவழையுங்கள், அல்லது வண்டியை ஏற்றி அனுப்புங்கள்.

இறுக்கி வாங்கி வரும்போது கடை வாசலிலேயே மூன்றைச் சரிபாருங்கள். தளர்வை மறுபடி அளந்து பாருங்கள். சக்கரத்தின் இருபுறமும் அட்ஜஸ்டர் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சக்கரம் கோணலாக ஓடும். டிரம் பிரேக் வண்டி என்றால் பின் பிரேக் பெடலையும் மிதித்துப் பாருங்கள். செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளும்போது பிரேக் கம்பியும் இழுபடும். பிரேக் பிடித்தபடியே நிற்கலாம். காலை எடுத்ததும் சக்கரம் தடையில்லாமல் சுற்றி, பின் விளக்கும் அணைந்தால் கிளம்பலாம்.