ஈதர் தரும் வழியும் வாயு தரும் வழியும்

மெத்தில் மூவிணைய பியூட்டைல் ஈதர் என்னும் நீர்மம் 55° செ. வெப்பநிலையில் கொதிப்பது. ஆய்வுக்கூடத்தில் இதனைத் தயாரிக்க இரு வழிகள் உள்ளனவென்று தாளில் எழுதிக் காட்டலாம். மூவிணைய பியூட்டைல் புரோமைடையும் சோடியம் மெத்தாக்சைடையும் சேர்ப்பது ஒன்று. மெத்தில் அயோடைடையும் பொட்டாசியம் மூவிணைய பியூட்டாக்சைடையும் சேர்ப்பது மற்றொன்று. இரு சமன்பாடுகளும் பிழையற்றவையாகவே தோன்றும். ஆயினும் முதல் வழியைப் பின்பற்றுவோரின் குடுவையில் ஈதர் மிகச் சிறிதளவே கிட்டும். ஐசோபியூட்டிலீன் வாயு குமிழியிட்டு வெளியேறிவிடும். இரண்டாம் வழியிலோ ஈதர் நன்கு உண்டாகும். இந்த வேறுபாட்டின் காரணத்தை அறிந்தவர், பிற ஹாலைடுகள் எவ்வழியில் வினைபுரியும் என்பதையும் பெரும்பாலும் முன்கூட்டியே கூறிவிடலாம்.

ஆல்காக்சைடையும் ஆல்கைல் ஹாலைடையும் சேர்த்து ஈதர் உண்டாக்கும் முறையை 1850-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அலெக்சாந்தர் வில்லியம்சன். அவர் பணிபுரிந்த இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலேயே, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இங்கோல்டும் ஹியூஸும் இத்தகைய வினைகளின் வேகத்தை அளந்து அவற்றின் உட்போக்கை விளக்கினர். SN1, SN2, E1, E2 என்னும் குறியீடுகள் அவர்கள் வகுத்தவையே.

ஒரு கார்பனோடு பிணைந்திருக்கும் புரோமின் விலகுவதற்கு இரு முறைகள் உண்டு. முதல் முறையில், புரோமின் தன் எலெக்ட்ரான் இணையுடன் தானே பிரிந்து செல்கிறது. நேர்மின்னூட்டம் கொண்ட கார்பன் அயனி எஞ்சுகிறது. இப்பிரிவே மெதுவாக நிகழும் படி. பின்னர் வருவது விரைவில் முடிந்துவிடும். மெதுவான படியில் ஒரே மூலக்கூறு பங்கு கொள்வதால் இது ஒருமூலக்கூறு வினை. இரண்டாம் முறையில், எலெக்ட்ரான் இணையைத் தரவல்ல வினைப்பொருள் ஒன்று வந்து தாக்கும் அதே கணத்தில் புரோமின் விலகுகிறது. அவ்வினைப்பொருளைக் கருக்கவர் பொருள் என்பர். இங்கு மோதும் இரண்டும் வேகத்தை நிர்ணயிப்பதால் இது இருமூலக்கூறு வினை. இவ்விரு முறைகளிலும், கருக்கவர் பொருள் கார்பனையே பற்றினால் பதிலீடு நிகழும். அடுத்த கார்பனிலுள்ள ஹைட்ரஜனைப் பறித்தால் நீக்கம் நிகழ்ந்து இரட்டைப் பிணைப்பு உண்டாகும்.

இனி, ஈதரின் முதல் வழியை நோக்குக. மூவிணைய பியூட்டைல் புரோமைடில் புரோமின் தாங்கிய கார்பனைச் சூழ்ந்து மூன்று மெத்தில் தொகுதிகள் நெருங்கி நிற்கின்றன. பின்புறமிருந்து கார்பனை அணுக மெத்தாக்சைடுக்கு இடமில்லை. ஆகவே இருமூலக்கூறு பதிலீடு அடைபட்டுவிட்டது. ஆனால் அம்மூன்று மெத்தில்களிலும் உள்ள ஒன்பது ஹைட்ரஜன்கள் மூலக்கூற்றின் புறத்தே எளிதில் எட்டக்கூடியவை. மெத்தாக்சைடோ வலிமை மிக்க காரம். அது ஹைட்ரஜனைப் பறிக்க, புரோமின் விலக, ஐசோபியூட்டிலீன் வெளிப்படுகிறது. இதனோடு ஒத்த வினை எத்தாக்சைடைக் கொண்டு அளக்கப்பட்டுள்ளது. 25° செ.-இல் எத்தில் ஆல்கஹாலில் சோடியம் எத்தாக்சைடு இப்புரோமைடோடு வினைபுரியும்போது, விளைபொருளில் ஏறத்தாழ 91 விழுக்காடு ஐசோபியூட்டிலீனாகும். ஈதர் 9 விழுக்காடே.

காரத்தை அறவே நீக்கிவிட்டு, அதே புரோமைடை வெறும் எத்தில் ஆல்கஹாலில் 25° செ.-இல் விட்டுவைத்தால் விளைவு தலைகீழாக மாறுகிறது. ஈதர் 81 விழுக்காடும், ஐசோபியூட்டிலீன் 19 விழுக்காடும் கிடைக்கின்றன. இங்கு புரோமின் தானே பிரிந்து செல்ல, தட்டையான கார்பன் அயனியை ஆல்கஹால் மூலக்கூறு எளிதில் பற்றுகிறது. ஆல்கஹால் வலிமை குறைந்த காரமாதலின் ஹைட்ரஜனைப் பறிப்பது குறைவு. ஆக, வினையை விரைவுபடுத்தும் எண்ணத்துடன் சேர்க்கப்படும் ஆல்காக்சைடே வேண்டிய பொருளைக் கெடுத்துவிடுகிறது. சூடாக்குவதும் இவ்வாறே கேடு செய்யும். 80 விழுக்காடு ஆல்கஹால் கரைசலில் மூவிணைய பியூட்டைல் குளோரைடு 25° செ.-இல் 17 விழுக்காடு ஐசோபியூட்டிலீனைத் தருகிறது, 65° செ.-இல் அது 36 விழுக்காடாக உயர்கிறது.

இரண்டாம் வழி ஏன் வெற்றி பெறுகிறது? மெத்தில் அயோடைடில் அயோடின் தாங்கிய கார்பனைச் சூழ்ந்து சிறிய ஹைட்ரஜன்களே உள்ளன. பின்புறத் தாக்குதலுக்குத் தடையில்லை. அடுத்த கார்பன் என்பதே இல்லையாதலின் இரட்டைப் பிணைப்பு உண்டாகவும் இயலாது. ஆகவே, பருத்த உருவமும் காரவலிமையும் கொண்ட மூவிணைய பியூட்டாக்சைடும் பதிலீடு ஒன்றையே செய்ய முடியும். ஆனால் நீண்ட சங்கிலியுள்ள ஹாலைடோடு அதே பியூட்டாக்சைடு சேரும்போது நீக்கமே மேலோங்கும். 18 கார்பன்களைக் கொண்ட ஆக்டாடெசில் புரோமைடு மெத்தாக்சைடோடு ஏறத்தாழ 99 விழுக்காடு பதிலீடு அடைகிறது. மூவிணைய பியூட்டாக்சைடோடு 85 விழுக்காடு நீக்கம் அடைகிறது.

கரைப்பானின் பங்கும் சிறிதன்று. அயனிகளாகப் பிரியும் வினைக்கு, அவ்வயனிகளைச் சூழ்ந்து தாங்கும் நீர் போன்ற கரைப்பான் துணை செய்கிறது. மூவிணைய பியூட்டைல் குளோரைடு தூய ஆல்கஹாலில் பிரியும் வேகத்தைக் காட்டிலும் நீரில் பிரியும் வேகம் ஏறத்தாழ 3 இலட்சம் மடங்கு அதிகம். இருமூலக்கூறு வினைக்கோ, நீரும் ஆல்கஹாலும் எதிரயனியை ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டிவைத்து அதன் தாக்கும் ஆற்றலைக் குறைக்கின்றன. டைமெத்தில் சல்ஃபாக்சைடு அவ்வாறு கட்டிவைப்பதில்லை. அசைடு அயனி பியூட்டைல் புரோமைடைத் தாக்கும் வேகம் மெத்தில் ஆல்கஹாலில் இருப்பதைவிட இக்கரைப்பானில் ஏறத்தாழ 1,300 மடங்காகிறது.

முன்கூட்டிக் கூறுவது கடினமாவது ஈரிணைய ஹாலைடுகளில்தான். ஐசோபுரொப்பைல் புரோமைடு எத்தாக்சைடோடு 55° செ.-இல் ஏறத்தாழ 79 விழுக்காடு நீக்கமும் 21 விழுக்காடு பதிலீடும் அடைகிறது. எத்தாக்சைடின் இடத்தில் அசெட்டேட்டை வைத்தால் ஏறக்குறைய முழுவதும் பதிலீடாகிவிடும். அசெட்டேட் கார்பனைப் பற்றவல்லது. ஆனால் காரமாக மிக வலிமை குன்றியது. ஆகவே ஈரிணைய ஹாலைடில் முதலில் நோக்கத்தக்கது வினைப்பொருளின் காரவலிமையே.

வினை எவ்வழியில் சென்றது என்பதைச் சோதித்தும் அறியலாம். கருக்கவர் பொருளின் செறிவை இரட்டித்தால் வேகமும் இரட்டித்தால், அது இருமூலக்கூறு வினை. வேகம் மாறாதிருந்தால் ஒருமூலக்கூறு வினை. இச்சோதனையில் ஓர் எச்சரிக்கை தேவை. கரைப்பானே கருக்கவர் பொருளாக இருப்பின், அதன் செறிவு பெரிதும் மாறாது. ஆதலின் இருமூலக்கூறு வினையும் ஒருமூலக்கூறு வினைபோலத் தோற்றமளிக்கும். அவ்வாறான நிலையில் சிறிதளவு ஹைட்ராக்சைடைச் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். மெத்தில் புரோமைடு மறையும் வேகம் உடனே கூடும்; மூவிணைய பியூட்டைல் புரோமைடு நீர்கலந்த ஆல்கஹாலில் மறையும் வேகம் ஏறக்குறைய மாறாது. ஹைட்ராக்சைடு மிகுந்த செறிவில் இருந்தால் மட்டும் இருமூலக்கூறு நீக்கம் தலைதூக்கும். வெளியேறும் வாயுவைப் புரோமின் நீரில் செலுத்துக. அதன் செந்நிறம் மறையுமாயின், நீக்கமும் நிகழ்ந்துள்ளது என்பது உறுதியாகும்.

எனவே ஈதர் தயாரிப்போர் கடைப்பிடிக்கும் முறை இது: கிளைகள் நெருங்கிய பகுதியை ஆல்காக்சைடாகவும், கிளையற்ற பகுதியை ஹாலைடாகவும் அமைத்துக் கொள்வர். மூவிணைய ஹாலைடு ஒன்றே கைவசம் இருப்பின், காரம் சேர்க்காது, சூடாக்காது, ஆல்கஹாலில் காத்திருப்பர்.