வீட்டுக் கணக்கு – 7: வரிக்கு வரி சரிகட்டுதல்

செலவுத் தாளை உருவாக்கும் முறை சென்ற இதழில் விளக்கப்பட்டது. அந்தத் தாள் காட்டும் இருப்பும் வங்கி அறிக்கை காட்டும் இருப்பும் பெரும்பாலான மாதங்களில் ஒத்துப்போவதில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் காரணங்களை ஒவ்வொன்றாகக் கண்டறிந்து எழுதுவதைக் கணக்கியல் பாடநூல்கள் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று அழைக்கின்றன. வணிக நிறுவனங்களுக்கென வகுக்கப்பட்ட இம்முறையை, தாளில் ஒரே ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்ப்பதன் மூலம் வீட்டுக் கணக்குக்கும் கொண்டுவந்துவிடலாம்.

தாளில் A பத்தி தேதிக்கும், B விவரத்துக்கும், C வரவுக்கும், D செலவுக்கும் உரியவை என்றால், E பத்தி சரிபார்ப்புக் குறிக்கு உரியது. H1 கட்டத்தில் தொடக்க இருப்பு இடப்படும். அது சென்ற மாத வங்கி அறிக்கையின் இறுதி இருப்பாகவே இருக்கவேண்டும். சென்ற மாதம் குறி பெறாமல் நின்ற வரிகள் இருந்தால் அவை இம்மாதத் தாளின் தலையில் மீண்டும் எழுதப்படவேண்டும். மாதம் முடிந்து அறிக்கை வந்ததும் அதன் முதல் வரியிலிருந்து தொடங்கி, தேதியும் தொகையும் பொருந்தும் வரியைத் தாளில் தேடி, அதன் E கட்டத்தில் Y என்று இடவேண்டும். யுபிஐ வழியே செலுத்திய தொகைக்கு எதிரே கடையின் பெயருக்குப் பதிலாக உரிமையாளரின் பெயர் அச்சாகியிருப்பது வழக்கம் என்பதால், பெயரைவிடத் தொகையை நம்புவதே பாதுகாப்பானது. குறி பெற்ற வரிகளை மட்டும் கூட்டும் சூத்திரம் இது:

```
=H1+SUMIF(E2:E200,"Y",C2:C200)-SUMIF(E2:E200,"Y",D2:D200)
```

இதன் விடை வங்கி அறிக்கையின் இறுதி இருப்போடு பைசா பிசகாமல் ஒத்திருக்கவேண்டும் என்பதே இம்முறையின் ஒரே விதி.

செப்டம்பர் மாதக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொடக்க இருப்பு 18,240 ரூபாய், சம்பள வரவு 46,000, தாளில் எழுதப்பட்ட செலவு 41,365. ஆகவே தாளின்படி இருப்பு 22,875 ரூபாய். வங்கி அறிக்கையோ 25,129.30 என்கிறது. வரிக்கு வரி குறியிட்டு வரும்போது, அறிக்கையில் இருந்தும் தாளில் இல்லாத இரண்டு வரிகள் தென்படுகின்றன: காலாண்டு வட்டியாக 132 ரூபாய் வரவு, குறுஞ்செய்திக் கட்டணம் 15 ரூபாயும் அதன் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியுமாக 17.70 ரூபாய் பற்று. வங்கி தானாகவே பதிந்த இவற்றைத் தாளில் சேர்த்துக் குறியிட்டால் போதும். மறுபுறம், 28ஆம் தேதி பள்ளிக்குக் கொடுத்த 2,500 ரூபாய்க் காசோலை தாளில் உண்டு, அறிக்கையில் இல்லை. பள்ளி அதை இன்னும் வங்கியில் செலுத்தவில்லை. இது பிழையன்று, காலதாமதம் மட்டுமே என்பதால், அந்த வரி குறியின்றி அக்டோபர் தாளுக்குப் போகும். காசோலையின் ஆயுள் அதில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம். அதற்குள்ளும் குறி விழாவிட்டால் பள்ளியிடம் கேட்டாக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சூத்திரம் 25,489.30 என்று காட்டுகிறது; வேறுபாடு 360 ரூபாய். அத்தொகையில் எந்த வரியும் இல்லை. அதன் பாதியான 180 ரூபாயிலும் வரி இல்லை என்பதால், செலவை வரவுப் பத்தியில் எழுதிய பிழையும் அன்று. ஆனால் 360 ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. ஓர் எண்ணின் இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் உண்டாகும் வேறுபாடு எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பதால், இது தேடலுக்கு நல்ல தடயம். உறுதியான சான்று அன்று. குறியிட்ட வரிகளை மீண்டும் பார்க்கும்போது, 1,620 ரூபாய் மின்கட்டணம் தாளில் 1,260 என்று பதிவாகியிருப்பது புலப்படுகிறது. தொகையைப் படிக்காமல் விவரத்தை மட்டும் பார்த்து Y இட்டதே காரணம். திருத்தியதும் சூத்திரம் 25,129.30-இல் வந்து நிற்கிறது.

இந்த இடத்தில் பலர் 360 ரூபாயை ‘இதர செலவு’ என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். அது மிகத் தவறான பழக்கம். ஒன்றையொன்று மறைக்கும் இரண்டு பெரிய பிழைகளின் மிச்சமாகவும் அச்சிறு வேறுபாடு இருக்கக்கூடும். ஏடிஎம்மில் எடுத்த பணத்தையும், அதே பணத்தில் வாங்கிய காய்கறியையும் ஒரே தாளில் செலவாக எழுதுவது மற்றொரு தவறு. வங்கி அறிவது முதலாவதை மட்டுமே; ரொக்கச் செலவுக்குத் தனித் தாள் வேண்டும்.

அறிக்கையில் உள்ள ஒரு பற்று வரிக்கு வீட்டில் எவராலும் விளக்கம் சொல்ல முடியாவிட்டால், மாதக் கணக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே வங்கிக்குத் தெரிவியுங்கள், மோசடி என்று தோன்றினால் 1930 என்ற உதவி எண்ணிலும் புகார் செய்யுங்கள்.