முகமனும் மறுமொழியும்: அரபுத் தொடர்களைத் தமிழாக்கல்

நோயுற்றுப் படுக்கையிலிருக்கும் பாட்டியைக் காணப் பேரன் வருகிறான். “அஸ்ஸலாமு அலைக்கும்” என்கிறான். “வ அலைக்கும் ஸலாம்” என்று பாட்டி மறுமொழி கூறுகிறார். “எப்படி இருக்கிறீர்கள்?” என்று அவன் வினவ, “அல்ஹம்துலில்லாஹ்” என்கிறார். இச்சிறு உரையாடலைத் தமிழில் பெயர்க்க முற்படுவோம்.

முதல் தொடருக்கு ‘வணக்கம்’ என எழுதுவோர் உளர். தமிழ் முசுலிம்களின் வழக்கில் வணக்கம் என்பது இறைவனுக்குச் செய்யும் வழிபாட்டையே குறிக்கும். ஆதலின் அச்சொல் இங்கே பொருந்தாது. மறுமொழியை நோக்கினாலும் இது விளங்கும். ‘வ அலைக்கும்’ என்பதற்கு ‘உங்கள் மீதும்’ என்பது பொருள். பேரனின் சொல்லில் ‘உங்கள் மீது’ என்பது இல்லையேல், பாட்டியின் ‘உம்’ எதனைத் தழுவி நிற்கும்?

‘ஸலாம்’ என்பதற்கு ‘அமைதி’ எனலாமா? பள்ளிச் சுவர்களில் ‘அமைதி காக்கவும்’ என்று படித்துப் பழகிய மாணவர், ‘உங்கள் மீது அமைதி உண்டாகட்டும்’ என்பதைப் பேசாதிருக்கச் சொல்லும் கட்டளையாகவே கொள்ளக்கூடும்! ‘சாந்தி’ வடசொல்லாயினும், இவ்விடத்தில் நெடுங்காலமாகப் பழகிவிட்டது. நாம் அதனையே கொள்கிறோம். (மலாய் மொழியின் ‘செலாமாட்’ என்னும் வாழ்த்தும் இதே அரபு வேரினின்று வந்ததே.)

அரபுத் தொடரில் வினைச்சொல் இல்லை. எனினும் அது செய்தியன்று, வேண்டுதல். தமிழில் ‘உங்கள் மீது சாந்தி’ என்று நிறுத்தினால் தொடர் முற்றுப்பெறாது. ‘சாந்தி இருக்கிறது’ என்றால் வேண்டுதல் செய்தியாகிவிடும். வாழ்த்துக்கும் வேண்டலுக்கும் உரிய வியங்கோள் இங்கே துணை நிற்கிறது: ‘உங்கள் மீது சாந்தி உண்டாவதாக’. ‘அலைக்கும்’ என்பதிலுள்ள ‘கும்’ பன்மை. ஒருவரிடம் கூறும்போதும் அதுவே பெருவழக்கு. நம் ‘உங்கள்’ என்னும் சொல் பலரையும் சுட்டும், மதிப்புடன் ஒருவரையும் சுட்டும். ஆதலின் இரண்டுக்கும் இயல்பாகப் பொருந்துகிறது. இனி மறுமொழி எளிது: ‘உங்கள் மீதும் சாந்தி உண்டாவதாக’. கதையின் உரையாடலிலோ அரபுத் தொடரை அப்படியே விடுதலும் தகும். எடுத்துரைக்கும் பகுதியில் ‘சலாம் கூறினான்’ என்றால் போதும்.

பாட்டியின் இறுதிச் சொல்தான் கடினமானது. ‘நலமாக இருக்கிறேன்’ என்று பெயர்த்தால் அது மெய்யன்று, அவர் நோயுற்றிருக்கிறார். ‘நன்றி’ என்றாலோ, அது நலம் வினவிய பேரனுக்குரியதாகிவிடும். ‘அல்ஹம்து’ என்பதன் முன்னுள்ள ‘அல்’, புகழ் முழுவதையும் தழுவுவது. ‘லில்லாஹ்’ என்பது ‘அல்லாஹ்வுக்கு’ எனப் பொருள்படும். ஆகவே ‘புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே’ என்கிறோம். ஈற்று ஏகாரத்தை விட்டுவிட்டால் ‘அவனுக்கன்றிப் பிறர்க்கில்லை’ என்னும் உறுதி போய்விடும். இம்மறுமொழியில் உடல்நிலை பற்றி ஒரு சொல்லும் இல்லை. பேரனுக்கு அது விளங்கும்; அயல் வாசகருக்கு விளங்காது என்றஞ்சி, ‘நலம்’ என்பதை நாம் இடையே சேர்த்தல் கூடாது. வேண்டுமாயின் பாட்டியின் தளர்ந்த குரலை அடுத்த வரியில் எழுதலாம்.