‘கேது தசை இருப்பு 1 வருடம் 2 மாதம் 10 நாள்’ – தசா சந்திப்பு பார்க்கும் முன் இந்தக் கணக்கைச் சரிபாருங்கள்!

பம்மல் சங்கர் நகரில் ஒரு வீடு. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையன் வீடு தாம்பரம் பக்கம். படிப்பு, வேலை, குடும்பம் எல்லாம் பிடித்துப்போய், பத்துப் பொருத்தத்தில் எட்டும் தேறிவிட்டது. பூ வைக்க நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் பல்லாவரம் ஜோதிடர் இரண்டு ஜாதகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “தசா சந்திப்பு இருக்கேம்மா, யோசிச்சுக்கோங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கணவன், மனைவி இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தசை முடிந்து அடுத்த தசை தொடங்குவதைத்தான் தசா சந்திப்பு என்பார்கள். ஒரே நேரத்தில் இருவருக்கும் மாற்றம் வரக் கூடாது என்பது அதன் பின்னால் இருக்கும் நம்பிக்கை. எவ்வளவு நெருக்கமாக வந்தால் சந்திப்பு என்பதில் ஜோதிடர்களிடையே ஒரே அளவு கிடையாது. இவர் ஆறு மாதம் வைத்துப் பார்ப்பவர். பெண்ணுக்கு சூரிய தசை முடிவது 7-2-2029. பையனுக்கு குரு தசை முடிவது 24-4-2029. இடைவெளி இரண்டரை மாதம்தான்.

அன்று மாலை அனகாபுத்தூரிலிருந்து பெண்ணின் தாய்மாமன் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். “வேண்டாம்னு சொல்லிடலாமாண்ணா?” என்று கேட்ட தங்கையிடம், “ரெண்டு ஜாதகத்தையும் கொண்டா. இந்தத் தேதி எப்படி வந்துச்சுன்னு முதல்ல பார்ப்போம்” என்றார்.

அந்த ஒரு வரி

பெண்ணின் ஜாதகம் கையால் எழுதிய பழைய நோட்டு. முதல் பக்கத்தின் அடியில், ‘அசுவினி நட்சத்திரம், கர்ப்பச்செல் நீக்கி கேது தசை இருப்பு 1-2-10’ என்று இருந்தது.

பிறக்கும்போது சந்திரன் எந்த நட்சத்திரத்தில் இருக்கிறதோ, அந்த நட்சத்திரத்துக்கு உரிய கிரகத்தின் தசைதான் முதலில் நடக்கும். அசுவினிக்குக் கேது, அதற்கு மொத்தம் 7 வருடம். ஆனால், குழந்தை பிறப்பதற்கு முன்பே அந்த நட்சத்திரத்தில் கொஞ்சம் கழிந்திருக்கும். அந்தப் பங்கைத் தசையிலும் கழித்துவிட வேண்டும். அதுதான் கர்ப்பச்செல். மீதி இருப்பதே ‘இருப்பு’.

இந்தப் பெண் பிறந்த நாளில் அசுவினி மொத்தம் 63 நாழிகை. பிறந்த நேரத்தில் மீதி இருந்தது 10 நாழிகை 45 விநாழிகை, அதாவது 10¾ நாழிகை. வருடத்துக்கு 360 நாள் என்று வைத்தால் 7 வருடத்துக்கு 2,520 நாள். அதை 63 நாழிகைக்குப் பங்கிட்டால் ஒரு நாழிகைக்கு 40 நாள். 10¾-ஐ 40-ஆல் பெருக்கினால் 430 நாள். 360 நாள் ஒரு வருடம், 60 நாள் இரண்டு மாதம், மீதி 10 நாள். இப்படி வந்ததுதான் 1 வருடம் 2 மாதம் 10 நாள்.

“மாமா, இது ஒண்ணாம் தேதி ரெண்டாம் மாசம்னு தேதி மாதிரி இருக்கே?” என்றாள் பெண். பலரும் தடுமாறும் இடம் இது. தேதி எழுதும்போது நாளை முதலில் எழுதுகிறோம். தசை இருப்பில் வருடம் முதலில் வரும். சந்தேகம் வந்தால் ஒரு சின்ன சோதனை போதும். இருப்பு ஒருபோதும் தசையின் மொத்த வருடத்தைத் தாண்டாது. 1-2-10 என்பதை 10 வருடம் என்று படித்தால், 7 வருடமே உள்ள கேது தசைக்குப் பொருந்தாது. எனவே வருடம் 1-தான்.

ஒரே இருப்பு, மூன்று தேதி

பெண் பிறந்தது 28-11-2001. அதோடு 1 வருடம் 2 மாதம் 10 நாளைக் கூட்ட வேண்டும். தாய்மாமன் நோட்டில் மூன்று விதமாகப் போட்டுக் காட்டினார்.

முதல் வழி, காலண்டரைப் பார்த்துக் கூட்டுவது. முதலில் வருடம், பிறகு மாதம், கடைசியில் நாள். ஒரு வருடம் கூட்டினால் 28-11-2002. இரண்டு மாதம் கூட்டினால் 28-1-2003. அதிலிருந்து 10 நாள் எண்ணினால், ஜனவரிக்கு 31 நாள் என்பதால் 7-2-2003.

இரண்டாவது, ஜோதிடர்கள் தாளில் மூன்று கட்டமாக எழுதிக் கூட்டுவது. நாள் 28-ம் 10-ம் சேர்ந்து 38. அதில் 30-ஐ ஒரு மாதமாக அடுத்த கட்டத்துக்குத் தள்ளினால் மீதி 8. மாதம் 11, 2, தள்ளி வந்த 1 சேர்ந்து 14. அதில் 12-ஐ ஒரு வருடமாகத் தள்ளினால் மீதி 2. வருடம் 2001, 1, தள்ளி வந்த 1 சேர்ந்து 2003. விடை 8-2-2003. எல்லா மாதத்துக்கும் 30 நாள் என்று தள்ளியதால் ஒரு நாள் கூடிவிட்டது.

மூன்றாவது, 430 நாளையும் அப்படியே எண்ணுவது. 28-11-2002 வரை 365 நாள் ஆகிவிடும். மீதி 65 நாளை எண்ணினால் 1-2-2003. மற்ற இரண்டையும் விட ஆறேழு நாள் முன்னதாகவே தசை முடிகிறது.

இந்த ஆறேழு நாளால் கல்யாணம் நிற்காது. விஷயம் அடுத்த தசைகளில் இருக்கிறது.

வருடத்துக்கு ஐந்தேகால் நாள்

கேதுவுக்குப் பிறகு சுக்கிரன் 20 வருடம், சூரியன் 6 வருடம். பெண்ணின் நோட்டில் சுக்கிர தசை 7-2-2003-ல் தொடங்கி 7-2-2023-ல் முடிகிறது. சூரிய தசை 7-2-2029-ல் முடிகிறது. நாளும் மாதமும் நகரவே இல்லை. அதாவது இதை எழுதியவர் காலண்டர் வருடத்தையே வருடமாக எடுத்திருக்கிறார்.

பையனின் ஜாதகம் கம்ப்யூட்டரில் அச்சடித்தது. பிறந்த தேதி 16-6-1998. ராகு தசை இருப்பு 15 வருடம் 3 மாதம் 20 நாள். அதற்குப் பின் குரு 16 வருடம். மொத்தம் 31 வருடம் 3 மாதம் 20 நாள். காலண்டரில் கூட்டினால் 16-6-2029, பிறகு 16-9-2029, பிறகு 20 நாள் சேர்த்து 6-10-2029 வர வேண்டும். ஆனால், அச்சில் இருந்தது 24-4-2029.

ஐந்து மாதத்துக்கு மேல் எங்கே போயிற்று? தாய்மாமன் எல்லாவற்றையும் 360 நாள் வருடமாக மாற்றிப் பார்த்தார். 31 வருடத்துக்கு 11,160 நாள், மூன்று மாதத்துக்கு 90, அதோடு 20. மொத்தம் 11,270 நாள். பிறந்த நாளிலிருந்து அத்தனை நாளை எண்ணினால் மிகச் சரியாக 24-4-2029 வந்து நின்றது.

சூரியனை வைத்துக் கணக்கிடும் வருடம் சுமார் 365¼ நாள். 360 நாள் வருடத்தை சாவன வருடம் என்பார்கள். எந்த வருடத்தை எடுப்பது என்பதில் ஜோதிடர்களிடையே நெடுநாளாகவே இரண்டு கருத்து உண்டு. கம்ப்யூட்டர் ஜாதகத்திலும் இதைத் தேர்ந்தெடுக்கும் வசதி சிலவற்றில் இருக்கிறது. வித்தியாசம் வருடத்துக்கு ஐந்தேகால் நாள்தான். ஆனால், 20 வருட சுக்கிர தசை முடிவதற்குள் அது 105 நாளாகிவிடும். முப்பது வயதைத் தொடும்போது ஐந்து மாதத்துக்கு மேல்.

இப்போது இரண்டையும் ஒரே முறையில் வைத்துப் பார்த்தார்கள். காலண்டர் வருடப்படி பெண்ணுக்கு 7-2-2029, பையனுக்கு 6-10-2029. இடைவெளி ஒரு நாள் குறைய எட்டு மாதம். 360 நாள் வருடப்படி பெண்ணுக்கு 17-9-2028, பையனுக்கு 24-4-2029. இடைவெளி ஏழு மாதமும் ஒரு வாரமும். எந்த முறையை எடுத்தாலும், அந்த ஜோதிடர் வைத்திருக்கும் ஆறு மாத அளவுக்குள் வரவில்லை. பெண்ணுக்கு ஒரு முறை, பையனுக்கு இன்னொரு முறை என்று கலந்து பார்த்தபோதுதான் அந்த இரண்டரை மாதம் முளைத்தது. ஓராண்டு அளவு வைத்துப் பார்க்கிற ஜோதிடர் என்றால், அவர் இதையும் சந்திப்பு என்றுதான் சொல்வார். அது வேறு கேள்வி.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

ஜாதகத்தில் உள்ள தசைப் பட்டியலில் ஒரு முழு தசையின் தொடக்கத்தையும் முடிவையும் பாருங்கள். முதல் தசை வேண்டாம், அது பாதியில் தொடங்குவது. இரண்டாவதைப் பாருங்கள். நாளும் மாதமும் அப்படியே இருந்து வருடம் மட்டும் மாறினால், அல்லது ஓரிரு நாள் மட்டும் நகர்ந்தால், அது காலண்டர் வருடக் கணக்கு. பல வாரம் முன்னால் வந்துவிட்டால் 360 நாள் கணக்கு. இந்தப் பெண்ணுக்கே 360 நாள் முறையில் எழுதியிருந்தால் சுக்கிர தசை 1-2-2003-ல் தொடங்கி 19-10-2022-லேயே முடிந்திருக்கும்.

இரண்டு ஜாதகமும் ஒரே முறையில் இருந்தால் அப்படியே ஒப்பிடலாம். இல்லையென்றால், இருவரின் பிறந்த தேதியையும் இருப்பையும் கொடுத்து ஒரே முறையில் போட்டுத் தரச் சொல்ல வேண்டும்.

நாள் கணக்கில் மட்டும் ரொம்பவும் பிடிவாதம் வேண்டாம். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். கேது தசையில் அதற்கு 40 நாள் என்று பார்த்தோம். பிறந்த நேரம் 5 நிமிடம் தவறினாலே இருப்பு எட்டு நாள் மாறிவிடும். 18 வருட ராகு தசையில் அதே 5 நிமிடம் மூன்று வாரத்தைப் புரட்டிவிடும். ஆஸ்பத்திரியில் கடிகாரம் பார்த்துச் சொன்ன நேரத்தில் ஐந்து நிமிடம் முன்பின் இருப்பது சகஜம். இது போதாதென்று வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நட்சத்திரம் முடியும் நேரமே வேறுபடும். இருவருக்கும் ஒரே பஞ்சாங்கம்தானா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

மறுநாள் காலை அம்மாவும் தாய்மாமனும் அந்தத் தாளோடு பல்லாவரம் போனார்கள். ஜோதிடர் இரண்டு பட்டியலையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பையனின் அச்சுத் தாளைத் திருப்பி, சுக்கிர தசை தொடங்கும் தேதியையும் முடியும் தேதியையும் ஒருமுறை வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

“வருஷக் கணக்கு வேறயா இருக்கு. நேத்து அதை நான் பார்க்கல” என்றவர், பேனாவை எடுத்து 24-4-2029-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் 6-10-2029 என்று எழுதினார். பிறகு அம்மாவைப் பார்த்து, “பூ வைக்க நாள் பார்த்துடலாமாம்மா?” என்றார்.