அடித்தது முந்நூறு, போனது எவ்வளவு?

புதன், சனி, ஞாயிறு என்றால் சிங்கப்பூரில் 4டி குலுக்கு நாள். அந்த நாள்களில் மாலை வேளையில் சிங்கப்பூர் பூல்ஸ் கடை வாசல்களில் வரிசை நீளும். வண்டி நம்பர், பிளாக் நம்பர், பேரன் பிறந்த தேதி, விடியற்காலைக் கனவில் வந்த நம்பர் என்று ஆளுக்கொரு நான்கு இலக்கம் கையில் இருக்கும். பேச்சும் அதைப் பற்றித்தான்.

"போன மாசம் எனக்கு ஆறுதல் பரிசு விழுந்துச்சு அண்ணே. முந்நூறு வெள்ளி!"

அதற்காக மாதம் முழுவதும் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் நிற்பவர் கேட்பதில்லை. கேட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியாது. முந்நூறு வெள்ளி மொத்தமாகக் கைக்கு வந்தது, நினைவில் நிற்கிறது. போனதோ இருபது இருபதாகப் போனது. பழைய சீட்டுகள் குப்பைத்தொட்டிக்குப் போகும்போது அந்தக் கணக்கும் கூடவே போய்விடுகிறது.

சிங்கப்பூரில் 4டி, டோட்டோ பரிசுப் பணத்துக்கு வருமான வரி கிடையாது. அதனால் கணக்கைக் கேட்க வெளியார் யாரும் இல்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே வென்ற பணத்துக்கு வரி உண்டு. தோற்றதைக் கழித்துக் காட்ட விரும்புகிறவர், எந்தத் தேதியில் எங்கே என்ன ஆடினார், எவ்வளவு வென்றார், எவ்வளவு தோற்றார் என்று குறிப்பேடு வைத்திருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டு வரித்துறை. வரிக்காக அங்கே எழுதும் அந்தக் குறிப்பேட்டை இங்கே தனக்காகவே ஒருவர் எழுதிக்கொள்ளலாம். எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் திறக்கத் தெரிந்தால் போதும்.

மாதத்துக்கு ஒரு தாள். முதல் வரியில் இடமிருந்து வலமாக எட்டுத் தலைப்புகள்: தேதி, ஆட்டம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், உள்ளே போன பணம், கூடுதல் செலவு, வெளியே வந்த பணம், மிச்சம். ஒன்பதாவதாக மணிக்கணக்குக்கு ஓர் இடம். முதல் ஏழும் கையால் எழுத வேண்டியவை. கடைசி இரண்டையும் தாளே போட்டுக்கொள்ளும். எட்டாவது கட்டத்தில் முதலாவது சூத்திரத்தையும் ஒன்பதாவது கட்டத்தில் இரண்டாவது சூத்திரத்தையும் தட்டிவிட்டுக் கீழே இழுத்துவிடலாம்:

```
=G2-E2-F2
=MOD(D2-C2,1)*24
```

இரண்டாவதில் MOD எதற்கு? இரவு எட்டரைக்குச் சூதாட்டக்கூடத்துக்குள் போனவர் விடியற்காலை மூன்று மணிக்கு வெளியே வருகிறார். மூன்றிலிருந்து எட்டரையைக் கழித்தால் தாள் கழித்தல் குறியோடு ஓர் எண்ணைக் காட்டும். MOD போட்டால் நள்ளிரவைத் தாண்டியதைப் புரிந்துகொண்டு 6.5 மணி நேரம் என்று சரியாகச் சொல்லும். அந்தக் கட்டத்தின் வடிவத்தை நேரம் என்று வைக்காமல் சாதாரண எண் என்று வைக்க வேண்டும்.

பலர் தடுக்கி விழுவது 'உள்ளே போன பணம்' என்ற கட்டத்தில்தான். முந்நூறு வெள்ளியோடு மேசையில் உட்காருகிறவர் வென்றதையும் தோற்றதையும் மாற்றி மாற்றி வைத்து ஆடுவார். ஒவ்வொரு ஆட்டத்திலும் வைத்ததைக் கூட்டினால் இரண்டாயிரம் மூவாயிரம்கூட வரும். அந்தத் தொகை இந்தத் தாளுக்குத் தேவையில்லை. சட்டைப்பையிலிருந்து எவ்வளவு வெளியேறியது, சட்டைப்பைக்கு எவ்வளவு திரும்பியது என்ற இரண்டை மட்டும் எழுத வேண்டும். நடுவில் ஏடிஎம்முக்கு ஓடி இன்னொரு நூறு எடுத்தால் அதுவும் உள்ளே போன பணம். இணையவழிக் கணக்கில் கட்டியதும் அப்படியே. அந்தக் கணக்கில் வென்ற பணம் அங்கேயே கிடக்கும்வரை வெளியே வந்ததாகாது. வங்கிக்கு வந்து சேர்ந்த நாளில்தான் அதை எழுத வேண்டும்.

கூடுதல் செலவுக்கும் ஒரே கேள்விதான்: ஆடப் போகாமல் இருந்திருந்தால் இந்தப் பணம் செலவாகியிருக்குமா? இல்லை என்றால் அது தாளில் ஏறும். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மரினா பே சேண்ட்ஸ் அல்லது செந்தோசா சூதாட்டக்கூடத்துக்குள் நுழைய ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். 2019 ஏப்ரல் முதல் அதுதான் கட்டணம். அதற்கு முன்பு 100 வெள்ளி. மேசையில் உட்காரும் முன்பே செலவாகிவிடும் இந்தப் பணத்தை 'தோற்ற பணம்' என்று பலர் சேர்ப்பதே இல்லை.

ஒரு மாதக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக, வாரம் மூன்று முறை 4டி எடுக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நம்பர், ஒவ்வொன்றுக்கும் 'பிக்' வகையில் 5 வெள்ளி, ஆக ஒரு குலுக்குக்கு 20 வெள்ளி. அந்த மாதத்தில் 13 குலுக்கு. உள்ளே போனது 260. நடுவில் ஒருநாள் ஒரு நம்பர் ஆறுதல் பரிசில் வந்தது. வெள்ளிக்கு 60 வீதம் 300 வெள்ளி கிடைத்தது. மாதக் கடைசியில் நண்பர்களோடு சூதாட்டக்கூடம். முந்நூறோடு போய் 420 வெள்ளியோடு திரும்பினார்.

அவரைக் கேட்டால், "இந்த மாசம் யோகம். நம்பர்ல முந்நூறு, கசினோல நூத்தியிருபது, மொத்தம் நானூத்தியிருபது அடிச்சேன்" என்பார். மனமறிந்து பொய் சொல்லவில்லை. இப்போது தாளைப் பாருங்கள். 4டிக்கு 260, மேசைக்கு 300, நுழைவுக் கட்டணம் 150, போக வர டாக்சிக்கு 24. எல்லாம் சேர்ந்து 734 வெள்ளி போயிருக்கிறது. திரும்பியது 300, 420 இரண்டும் சேர்ந்து 720. மிச்சம்: 14 வெள்ளி நட்டம்.

நேரத்தையும் கூட்டலாம். நம்பர் யோசிப்பது, வரிசையில் நிற்பது, முடிவு பார்ப்பது என்று குலுக்குக்கு 40 நிமிடம் வைத்தால் 13 குலுக்குக்கு 8 மணி 40 நிமிடம். சூதாட்டக்கூடத்தில் ஆறரை மணி. ஆக மாதத்தில் 15 மணி நேரத்துக்குச் சற்று மேல். யோகமான மாதத்தின் கணக்கே இது. அந்த ஆறுதல் பரிசு மட்டும் விழாமல் போயிருந்தால் நட்டம் 314 வெள்ளி. மணிக்கு ஏறக்குறைய 21 வெள்ளி கரைந்திருக்கும்.

அப்படியானால் யோகமான மாதம் எத்தனை முறை வரும்? 4டியில் இருக்கும் நம்பர்கள் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம். ஒரு குலுக்கில் பரிசு பெறுபவை 23: முதல் மூன்று பரிசுகள், பத்து ஸ்டார்டர், பத்து ஆறுதல். மாதம் 52 நம்பர் எடுக்கும் நம் ஆளுக்கு ஏதாவது ஒரு பரிசு விழுவது சராசரியாக ஒன்பது மாதத்தில் ஒரு மாதம்தான். அதனால் ஒரே ஒரு மாதத் தாளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எட்டு வெறும் மாதங்களில் ஒன்றைப் பார்த்து எல்லாம் போயிற்று என்று நினைக்கவும் வேண்டாம். பரிசு விழுந்த மாதத்தைப் பார்த்து லாபத்தில் இருக்கிறோம் என்று நம்பவும் வேண்டாம்.

இதற்காகவே ஆண்டுக்கு ஒரு தனித் தாள் வேண்டும். ஒரு வரிசையில் மாதங்கள், அடுத்ததில் அந்தந்த மாத மிச்சம், மூன்றாவதில் அதுவரை சேர்ந்த மொத்தம்:

```
=SUM(B$2:B2)
```

இதைக் கீழே இழுத்தால் ஜனவரியிலிருந்து ஓடிவரும் கூட்டல் கிடைக்கும். அதே ஆள் ஆண்டு முழுவதும் 4டி மட்டும் எடுத்ததாக வைத்துக்கொண்டால் 156 குலுக்கு, 3,120 வெள்ளி. அந்த ஆண்டில் ஓர் ஆறுதல் பரிசும் ஒரு ஸ்டார்டரும் விழுந்தன என்போம். பரிசுகளின் எண்ணிக்கையைப் பார்த்தால், இந்த அளவு ஆடுபவருக்கு இது சராசரிக்கும் சற்று நல்ல ஆண்டுதான். நான்கு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு ஆண்டு முழுதும் ஒன்றுமே விழாது. ஸ்டார்டருக்கு 1,250, ஆறுதலுக்கு 300, ஆக 1,550 திரும்பியது. ஆண்டுக் கடைசியில் மிச்சம் 1,570 வெள்ளி நட்டம். அதற்குச் செலவான நேரம் 104 மணி. எட்டு மணி நேர வேலைநாள் கணக்கில் 13 நாள். வீட்டில் எல்லாருக்கும் நினைவிருப்பதோ அந்த 1,250 வெள்ளி வந்த நாள் மட்டும்தான்.

இது அவருடைய துரதிர்ஷ்டம் அல்ல. ஒருவரே பத்தாயிரம் நம்பரையும் ஆளுக்கு ஒரு வெள்ளி வீதம் 'பிக்'கில் வாங்கிவிட்டதாக நினைத்துப் பாருங்கள். எல்லாப் பரிசும் அவருக்கே. முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, பத்து ஸ்டார்டருக்கு 250 வீதம் 2,500, பத்து ஆறுதலுக்கு 60 வீதம் 600. மொத்தம் 6,590. பத்தாயிரம் போட்டவருக்கு 3,410 வெள்ளி நட்டம். எந்த நம்பரைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த விகிதம் மாறாது. தாள் இதை மாற்றப் போவதில்லை, அடுத்த குலுக்கில் என்ன விழும் என்றும் சொல்லாது. இதுவரை நடந்ததைக் கூட்டாமல் குறையாமல் காட்டும், அவ்வளவுதான்.

அதுவும் எல்லா வரியும் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே. விட்டுப்போகும் வரிகள் பெரும்பாலும் தோற்ற நாள்களின் வரிகள். அதைத் தவிர்க்க ஒரு வழி, முடிவு வரும் முன்பே எழுதிவிடுவது. சீட்டு கைக்கு வந்த உடனே தேதியையும் தொகையையும் கைப்பேசியில் தட்டிவிட வேண்டும். பரிசு விழுந்தால் பணம் வாங்கிய தேதியில் தனி வரி. மாதக் கடைசியில் வங்கி அறிக்கையோடு ஒருமுறை ஒத்துப்பார்க்க வேண்டும். ஏடிஎம்மில் எடுத்த மொத்தத்திலிருந்து வீட்டுச் செலவையும் தாளில் உள்ள தொகையையும் கழித்த பிறகும் இருநூறு முந்நூறு எங்கே போனதென்று தெரியவில்லை என்றால், தாளில் வரிகள் குறைகின்றன.

கடைசியில் பத்தாவது தலைப்பு ஒன்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது: 'ஏன் நிறுத்தினேன்?' நேரமாகிவிட்டது, நினைத்த தொகை முடிந்தது என்ற பதில்கள் இருந்தால் ஆட்டம் கட்டுக்குள் இருக்கிறது. கையில் காசு தீர்ந்தது, விட்டதைப் பிடிக்கப் போனேன், கடன் வாங்கினேன் என்று இரண்டு மாதம் தொடர்ந்து வந்தால், அல்லது இந்தத் தாளையே மனைவியிடமோ கணவரிடமோ மறைக்கத் தோன்றினால், இது கணக்கு எழுதிச் சரிசெய்யக்கூடிய நிலையைத் தாண்டிவிட்டது. சூதாட்டப் பிரச்சினைகளைக் கவனிக்கும் தேசிய மன்றத்தின் உதவி எண் 1800-6668-668. சூதாட்டக்கூடத்துக்குள் தன்னை அனுமதிக்க வேண்டாம் என்று ஒருவர் தானே பதிவு செய்துகொள்ளவும் அங்கே வழி இருக்கிறது. அழைக்கும்போது அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு போகிறது, எத்தனை மணி நேரம் போகிறது என்ற கேள்விக்கு விடை அதில் தயாராக இருக்கும்.