மூன்று வாரம் சேர்த்துப் பார்த்தால் தெரிவது

பேக்கரி வியாபாரம் ஒரு வாரம் ஏறும், மறுவாரம் இறங்கும். இரண்டு நாள் விடாத மழை, பக்கத்துப் பள்ளிக்கு விடுமுறை, எதிர்பாராமல் வந்த பெரிய கேக் ஆர்டர் என்று எல்லாமே அந்த வாரக் கணக்கில் தெரியும். வியாபாரம் வளர்கிறதா என்ற கேள்விக்கு இவை எதுவும் பதில் ஆகாது.

ஒரு பேக்கரியின் எட்டு வார விற்பனை, ஆயிரம் ரூபாய்க் கணக்கில், 84, 96, 78, 90, 102, 81, 99, 108 என்று வைத்துக்கொள்வோம். ஆறாவது வாரம் கல்லாவைப் பார்த்தால் 102 இருந்த இடத்தில் 81. அடுத்த வாரம் மைதா மூட்டையைக் குறைக்கலாமா என்ற எண்ணம் அன்றைக்கே வந்துவிடும்.

அதற்கு முன் மூன்று வார நகரும் சராசரியைப் போட்டுப் பார்க்கலாம். முதல் மூன்று வாரங்களைக் கூட்டினால் 258, சராசரி 86. அடுத்து முதல் வாரத்தை விட்டுவிட்டு நான்காவதைச் சேர்த்தால் 264, சராசரி 88. இப்படியே போனால் 86, 88, 90, 91, 94, 96 என்று வரும். எக்செல்லில் விற்பனை B2-இல் தொடங்கினால், C4-இல் =AVERAGE(B2:B4) என்று அடித்துக் கீழே இழுத்தால் போதும்.

பயமுறுத்திய ஆறாவது வாரத்தில் சராசரி 90-லிருந்து 91 ஆகக் கூடித்தான் இருக்கிறது. புதிதாக உள்ளே வந்தது 81, வெளியே போனது மூன்றாவது வாரத்தின் 78. இந்த வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்குதான் சராசரி நகர்ந்த தூரம். ஆகவே சராசரி ஏறினாலும் இறங்கினாலும், உள்ளே வந்த வாரத்தோடு வெளியே போன வாரத்தையும் பார்த்தாக வேண்டும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

தீபாவளி வந்தால் இது நன்றாகத் தெரியும். ஒன்பதாவது வாரம் 159, அதன் பிறகு 90, 93, 96 என்று விற்றதாகக் கொள்வோம். பதினொன்றாவது வாரச் சராசரி 114, பன்னிரண்டாவது வாரம் 93. விற்பனை 93-லிருந்து 96 ஆக உயர்ந்த வாரத்தில்தான் சராசரி 21 சரிகிறது. கடை சறுக்கவில்லை, தீபாவளி கணக்கை விட்டு வெளியேறியிருக்கிறது, அவ்வளவுதான். பண்டிகை வாரத்தைத் தனியே குறித்துவைத்து, சென்ற ஆண்டின் தீபாவளி வாரத்தோடு ஒப்பிடுவதே சரி.

அடுத்தடுத்த இரண்டு சராசரிகளில் இரண்டு வாரங்கள் பொது என்பதால், "ஐந்து முறை தொடர்ந்து ஏறியது" என்பதும் தோன்றும் அளவுக்கு வலுவான சான்று அல்ல. பொது வாரமே இல்லாத சராசரிகளை ஒப்பிடுங்கள். முதல் மூன்று வாரத்துக்கு 86, அடுத்த மூன்றுக்கு 91. இந்த ஏற்றத்தை ஓரளவு நம்பலாம்.

மாதச் சம்பளக்காரர்களை நம்பி அரிசி, பருப்பு விற்கும் மளிகைக் கடைக்கு மூன்று வாரம் ஒத்துவராது. மாத முதல் வாரத்தின் கூட்டம் சில சராசரிகளுக்குள் விழும், சிலவற்றில் விழாது. சராசரியே அலைபோல ஆடும். அங்கே நான்கு வாரமாகப் போடுவது நல்லது.