அண்டா கடக்கும் பதினைந்து அடி

காலை 11.45. மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு முதல் பந்தி உட்காரப்போகிறது. அடுப்பில் 40 லிட்டர் சாம்பார் கொதித்து அடங்கியிருக்கிறது. "தம்பி, ஒரு கை பிடி" என்கிறார் மாஸ்டர். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பையன் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு ஓடி வருகிறான். இரண்டு கந்தைத் துணி, ஆளுக்கு ஒரு காது. "சூடு, சூடு, வழி விடு" என்று கத்தியபடி பக்கவாட்டில் நடக்கிறார்கள். அடுப்பிலிருந்து பரிமாறும் மேசை வரை பதினைந்து அடி இருக்கும். அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

அந்த அரை நிமிடத்தை யாரும் வேலையாகவே எண்ணுவதில்லை. சமைப்பது வேலை, பரிமாறுவது வேலை. நடுவில் தூக்கி வைப்பது சும்மா ஒரு கை கொடுப்பது. இடுப்புப் பிடிப்போடு நடமாடும் மாஸ்டர்களிடம் எப்படி வந்தது என்று கேட்டால், அந்தச் சும்மா கொடுத்த கைகளில் ஒன்றைத்தான் சொல்வார்கள்.

கணக்கைப் பார்ப்போம். சாம்பார் 40 லிட்டர் என்றால் ஏறத்தாழ 40 கிலோ. அலுமினிய அண்டா 7 கிலோ என்று வைத்துக்கொண்டால் 47. ஆளுக்குப் பாதி, 23 கிலோவுக்குச் சற்று மேல். வீட்டுக்கு வாங்கும் 26 கிலோ அரிசி மூட்டையைவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிறோம். கொதிக்கிற அண்டாவை அணைக்க முடியாது. கையை நீட்டி, உடம்பைப் பின்னுக்கு வைத்து, எட்டத்திலேயே பிடித்தாக வேண்டும்.

அந்த எட்டம்தான் முதுகை உடைக்கிறது. முதுகுத்தண்டை ஏற்றமரத்தின் நடுக்கால் போல நினைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் நீட்டிய கையில் பாரம். மறுபக்கம் அதை இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசை, தண்டிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. பாரம் 50 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், தசை அதைப்போல எட்டு முதல் பத்து மடங்கு விசையோடு இழுக்க வேண்டும். 20 கிலோவுக்கே 160 முதல் 200 கிலோ இழுப்பு. அந்த அழுத்தம் முழுவதும் இடுப்பெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகளின் மேல் விழுகிறது.

அமெரிக்க அரசின் தொழிலாளர் உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ், தூக்கும் பாரத்துக்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. 1991இல் திருத்தியது. எல்லாம் சாதகமாக இருந்தால் ஒருவர் தூக்கத்தக்கது 23 கிலோ. கை உடம்பிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் இந்த அளவு. 50 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் பாதியாகி 11.5 கிலோ. 63 சென்டிமீட்டரைத் தாண்டினால் அது அனுமதிக்கும் எடை பூஜ்யம். நம் அண்டாவில் ஆளுக்கு வருவது 23 கிலோவுக்கு மேல். கையோ அரை மீட்டர் நீண்டிருக்கிறது. அதாவது இரண்டு மடங்கு பாரம்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது, அந்தச் சூத்திரம் எங்கெல்லாம் செல்லாது என்று அவர்களே சொல்லியிருக்கும் பட்டியல். அறையின் வெப்பம் 19 முதல் 26 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தரை வழுக்கக் கூடாது. தூக்கும் பொருள் கொதிசூடாக இருக்கக் கூடாது. உள்ளே தளும்பி எடை இடம் மாறக் கூடாது. நம் சாம்பார் அண்டா நான்கிலும் தோற்கிறது. காகிதத்தில் இரண்டு மடங்கு என்று வந்தது, அடுப்படியில் அதைவிட மோசம் என்றுதான் பொருள்.

முதலில் வெப்பம். மாஸ்டர் காலை ஐந்து மணியிலிருந்து அடுப்பின் முன்னால் நிற்கிறார். உடம்பு தன் சூட்டைத் தணிக்க வைத்திருக்கும் பெரிய வழி வியர்வை. அது சொட்டுவதால் பயனில்லை, உலர வேண்டும். உலரும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். இட்லிக் கொப்பரையின் ஆவியும் சோற்று உலையின் ஆவியும் நிறைந்த அறையில் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். உப்பும் நீரும் போகும், உடம்பு குளிராது. அதனால்தான் சுவரில் தொங்கும் சாதாரண வெப்பமானி சமையற்கட்டுக்குப் போதாது. அதன் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் வைத்துப் பார்ப்பது ஈரக்குமிழ் அளவு. தொழிற்சாலைகளுக்கான இந்திய மாதிரி விதிகள், வேலைக்கூடத்தில் இது 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கின்றன. சமையற்கட்டிலும் வாசலோரம் அல்லாமல், மாஸ்டர் நிற்கும் இடத்தில் நெஞ்சுயரத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதே என்பார்கள் முதலாளிகள். ஓடுவது வேறு, இழுப்பது வேறு. உள்ளே காற்று வர வழியில்லாமல் கதவு, ஜன்னலை அடைத்துவிட்டால் அது சுற்றுமே தவிர வெளியே தள்ளாது. ஒரு ஊதுபத்தியை அடுப்பின் விளிம்பில் பிடித்துப் பாருங்கள். புகை நேராக மேலேறிப் புகைக்கூண்டுக்குள் போனால் சரி. ஆளின் முகத்துக்கு வந்தால், புகைக்கூண்டு சிறிதாக இருக்கலாம், வடிகட்டியில் எண்ணெய்ப்பிசுக்கு அடைத்திருக்கலாம், அல்லது எதிரே நிற்கும் ஸ்டாண்டு ஃபேன் புகையைக் கலைத்துக்கொண்டிருக்கலாம். ஃபேன் ஆளின் முதுகுப்பக்கம் பட வேண்டும், தீக்கு மேலே குறுக்காக வீசக் கூடாது. அடுப்பிலிருந்தும் தோசைக்கல்லிலிருந்தும் நேராக வந்து சுடும் அனலைக் காற்று தடுக்காது. அதற்குப் பளபளப்பான தகடு ஒன்று போதும். அடுப்பின் பக்கவாட்டில் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு நிறுத்தினால், அருகில் காய் நறுக்குபவரின் கால் வேகாது.

தண்ணீர் விஷயத்தில் தாகத்தை நம்பக் கூடாது. கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஒரே மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்கவும் கூடாது; ரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ஆனால் பலர் வேண்டுமென்றே குடிக்காமல் இருக்கிறார்கள். கழிவறை மாடியில், அல்லது பக்கத்துக் கடையில், அல்லது "கூட்ட நேரத்துல எங்கடா போற" என்ற அதட்டல். இதைச் சரிசெய்யாமல் தண்ணீர்க் கேன் வாங்கி வைப்பதில் பயனில்லை.

புதிதாகச் சேர்ந்தவரும், பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பியவரும் தனிக்கவனத்துக்கு உரியவர்கள். உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் எடுக்கும். விட்டுப்போனால் பழக்கமும் போய்விடும். புதியவருக்கு முதல் நாள் அடுப்படி வேலை ஐந்தில் ஒரு பங்கு, பிறகு தினமும் அதே அளவு கூட்டு என்கிறது நியோஷ். மீதி நேரம் காய் நறுக்கட்டும், ஸ்டோரில் நிற்கட்டும். தலைவலி, குமட்டல், கெண்டைக்காலில் பிடிப்பு வந்தால் நிழலில் உட்கார வைக்க வேண்டும். பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, தள்ளாடினாலோ அது வெப்பத்தாக்கு, உயிர் போகும் ஆபத்து. வியர்க்கிறதே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. 108க்கு ஒருவர் போன் செய்ய, இன்னொருவர் அந்த நொடியே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இப்போது தரை. உதவிக்கு வந்த பையனைக் கவனியுங்கள். துலக்கும் இடத்தில் ஈரம், அவன் செருப்பின் அடியில் ஈரம். வடைச்சட்டியைச் சுற்றித் தரையில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம். இரண்டும் சந்திக்கும் இடத்தில், கையில் பாதி அண்டாவோடு அவன் கால் வைக்கிறான். தேய்ந்த ரப்பர் செருப்பு இரண்டு அங்குலம் நழுவினால் போதும், சாம்பார் ஒரு பக்கம் அலையடித்துச் சாயும், எடை முழுவதும் ஒரு காதுக்கு வரும். 70 டிகிரியைத் தாண்டிய திரவம் தோலை ஆழமாகச் சுட ஒரு நொடி கூட ஆகாது. அப்படி நடந்துவிட்டால் பேஸ்ட், மை எதையும் தடவாமல் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவ்வளவுக்கும் அந்தத் தரையைக் காலையில்தான் துடைத்திருப்பார்கள். சிக்கலே அங்குதான். ஒரே வாளித் தண்ணீரில் மாப்பை முக்கி முக்கித் துடைத்தால், எண்ணெய் ஓரிடத்திலிருந்து எல்லா இடத்துக்கும் பரவுகிறது. காய்ந்த தரையை ஒரு வெள்ளைக் காகிதத்தால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். காகிதம் மஞ்சளாகிக் கொழகொழத்தால் அது சுத்தமான தரை இல்லை. சிந்திய எண்ணெயை முதலில் பழைய செய்தித்தாளால் ஒற்றி எடுக்க வேண்டும். இரவில் கடை மூடியதும் சோப்புத்தூளை வெந்நீரில் கரைத்து ஊற்றி, எண்ணெய் விட்டுக் கொடுக்கப் பத்து நிமிடம் காத்திருந்து, கட்டைப் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டு, வைப்பரால் தள்ளிக் காயவிட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லாரும் விழுங்கிவிடுகிறார்கள், ஊற்றிய கையோடு தள்ளிவிடுகிறார்கள். வழவழப்பான டைல்ஸ் போட்ட இடத்தில் இதுவும் முழுக்க உதவாது. அங்கே சொரசொரப்பான கல் மாற்றும் வரை, வழுக்காத அடியுள்ள மூடிய ஷூவை முதலாளி வாங்கித் தர வேண்டும். சம்பளத்தில் பிடித்தால் தேய்ந்த பிறகும் அதையேதான் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

மறுபடியும் அண்டாவுக்கு வருவோம். அதை எப்படித் தூக்குவது என்று கற்றுக்கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை என்பதெல்லாம் அரிசி மூட்டைக்குப் பொருந்தலாம். எட்டிப் பிடித்தே ஆக வேண்டிய பாத்திரத்துக்கு அது பொருந்தாது. தூக்காமல் இருப்பதே வழி. அடுப்பை அணைத்துவிட்டு, அண்டாவை அங்கேயே வைத்து, பிடி நீண்ட இரண்டு லிட்டர் கோப்பையால் மொண்டு பத்து லிட்டர் பிடிக்கும் மூடி போட்ட தூக்குகளில் ஊற்றலாம். விளிம்பு வரை நிரப்பாமல் எட்டு லிட்டரில் நிறுத்தினால், ஒரு தூக்கு பாத்திரத்தோடு சேர்த்துப் பத்து கிலோ அளவில் நிற்கும். உடம்பை ஒட்டித் தொங்கவிட்டு ஒருவரே நடக்கலாம். நாற்பது லிட்டருக்கு இருபது முறை மொள்ள வேண்டும், ஐந்து தூக்குகள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுத்துப்போகவும் தேவையில்லை. பந்திக்குத் தக்கபடி ஒவ்வொன்றாகப் போனால் சாம்பாரும் சூடாக இருக்கும்.

இடம் இருந்தால் அடுப்பின் உயரத்துக்கே சக்கரம் வைத்த ஸ்டாண்டு செய்து, அண்டாவை நகர்த்தி ஏற்றித் தள்ளிக்கொண்டு போகலாம். பட்டறையில் சொன்னால் செய்துகொடுப்பார்கள். உயரம் ஒரு விரற்கடை கூடக் குறைய நின்றாலும் கடைசி நொடியில் தூக்கத்தான் வேண்டியிருக்கும், அதனால் அளவெடுக்கும்போது மாஸ்டரைக் கூட வைத்துக்கொள்வது நல்லது. குறுகலான கட்டுகளில் ஸ்டாண்டு ஓடாது, மொள்வதுதான் கதி. மொள்ளும்போது மாஸ்டர்கள் முதலில் முனகுவார்கள், அடியில் தங்கும் பருப்பு கடைசித் தூக்கில் கெட்டியாக வரும் என்று. அவர்கள் சொல்வது சரி. ஒவ்வொரு முறை மொள்ளும்போதும் கோப்பையை அடிவரை விட்டு ஒரு கலக்குக் கலக்கினால் எல்லாத் தூக்கிலும் பருப்பு ஒரே மாதிரி விழும்.